29 வயது, பி.இ., இன்னும் குரூப் 4 படிக்கிறேன்: நிறுத்துவதை வீட்டில் எப்படிச் சொல்வது?

வைப்பாறு_மெக்

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையம் பக்கம் ஒரு கிராமம். அப்பா நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா வீட்டு முன்னால் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். நான் 2018இல் மெக்கானிக்கல் முடித்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ட்ரெயினி வேலை கிடைத்தது. கான்ட்ராக்ட் வழியாக மாதம் 11,000 ரூபாய். ஒரு வருடம் ஆனதும் எங்கள் பேட்ச்சை அனுப்பிவிட்டுப் புது பேட்ச்சை எடுத்தார்கள். ஊருக்கு வந்து குரூப் 4 படிக்க ஆரம்பித்தேன்.

2019 தேர்வுக்கு நான் தயாராகவே இல்லை. அடுத்த தேர்வு 2022 ஜூலையில்தான் வந்தது. இடையில் கொரோனா. அந்தக் காலத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை, எல்லோருமே வீட்டில்தான் இருந்தார்கள். 2022இல் ரேங்க் வெகு தூரம். 2024இல் நெருங்கி வந்தேன், நாலைந்து கேள்வியில் போனது. 2025 ஜூலையில் அறிவிப்பில் இருந்ததே 3,935 இடம்தான். மதிப்பெண் முன்பைவிடக் கூடியிருக்கிறது, ஆனாலும் கலந்தாய்வு வரை வராது.

நிறுத்திவிடலாம் என்று தோன்றுகிறது. இப்போது யாராவது கேட்டால் அப்பா "டிஎன்பிஎஸ்சி படிக்கிறான்" என்று நிமிர்ந்து சொல்கிறார். நிறுத்திவிட்டால் அவர் என்ன சொல்வார்? அதை நினைத்தால்தான் வாய் வரமாட்டேன் என்கிறது. நடுவில் நின்றவர்கள் வீட்டில் எப்படிச் சொன்னீர்கள்?

மேலூர்_ராஜா

தம்பி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா? பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், வீட்டு வருமானம் ஆண்டுக்கு 72,000க்குள் இருக்க வேண்டும். மூன்று வருடம் கிடைக்கும். அதை வாங்கிக்கொண்டே படியுங்கள், விட்டுவிடாதீர்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க மறக்க வேண்டாம்.

வைப்பாறு_மெக்

நன்றி அண்ணா. நான் கேட்டது பண உதவி பற்றி இல்லை. நிறுத்துவது பற்றித்தான்.

கோப்புக்கட்டு

ராஜா சார் சொன்ன விதிகள் சரி. ஆனால் பொறியியல், மருத்துவம், சட்டம் மாதிரித் தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு அந்தத் திட்டம் கிடையாது. தம்பிக்கு அந்த வழி இல்லை.

நான் வருவாய்த்துறையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊரில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். இந்தக் கேள்வியை என்னிடம் நேரில் கேட்பவர்கள் நிறைய. பதில் சொல்லும் முன் ஒன்று கேட்கிறேன் தம்பி. நீங்கள் நிறுத்த நினைப்பது படிப்பையா, இல்லை "படிக்கிறான்" என்ற பெயரையா? படிப்பை மனத்துக்குள் எப்போதோ நிறுத்திவிட்டு, பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு திரிகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காலையில் நூலகம் போவார்கள், மாலையில் வருவார்கள். ஆறாம் வகுப்புச் சமச்சீர் புத்தகத்தில் அடிக்கோடு போட்ட இடத்திலேயே மறுபடியும் அடிக்கோடு போடுவார்கள்.

வைப்பாறு_மெக்

சார், உண்மையைச் சொன்னால் இரண்டும் கலந்திருக்கிறது. தேர்வுத் தேதி அறிவித்துவிட்டால் வெறியாகப் படிப்பேன். மற்ற மாதங்களில் நீங்கள் சொன்ன மாதிரிதான். அதோடு வீட்டு வேலையும் இருக்கிறது. சும்மா இருக்கிறவன் நான்தானே? சித்தப்பாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, பெரியம்மாவின் ரேஷன் கார்டில் பெயர் திருத்துவது, அத்தை வீட்டுப் பட்டா மாறுதலுக்குத் தாலுகா ஆபீஸ், தெருவில் உள்ள பாதிப் பேருக்கு ஆன்லைன் விண்ணப்பம், எல்லாம் நான்தான். மாலையில் அம்மாவுக்குப் பதிலாகக் கடையில் உட்காருவேன். கோபமாகச் சொல்லவில்லை. அதைச் செய்யும்போதுதான் கொஞ்சம் ஆளாக இருக்கிற மாதிரி இருக்கிறது.

பனியன்_கம்பெனி

எல்லோரும் கோபப்படுவீர்கள், பரவாயில்லை. நான் திருப்பூரில் சின்ன யூனிட் நடத்துகிறேன். மெர்ச்சண்டைசர், குவாலிட்டி, கணக்கு எழுத என்று வருடம் முழுக்க ஆள் தேடுகிறேன். டைலருக்கும் செக்கிங்குக்கும் வடநாட்டிலிருந்து ஆள் வருகிறது. நம் பிள்ளைகள் ஊரில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அரசாங்கக் கணக்குப்படியே நாட்டில் வேலையின்மை 3 சதவீதம்தான். வேலை இருக்கிறது, செய்ய மனசு இல்லை. இதுதான் உண்மை.

சின்னமனூர்_எம்எஸ்சி

அண்ணா, கணக்கு எழுதுகிற ஆளுக்கு என்ன சம்பளம் தருகிறீர்கள்?

பனியன்_கம்பெனி

ஆரம்பத்தில் 13,000. தங்க இடம் உண்டு. ஆறு மாதம் கழித்து ஏற்றுவேன்.

கோப்புக்கட்டு

நீங்கள் சொன்ன 3 சதவீதம் பொய் இல்லை. 2023-24க்கான மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 3.2 சதவீதம். ஆனால் அதில் யாரை வேலையில் இருப்பவர் என்று எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். வருடத்தில் பெரும்பகுதி வேலையே இல்லாதவர்கூட, துணை வேலையாக ஏதாவது ஒன்றை 30 நாள் பார்த்திருந்தால் வேலையில் இருப்பவர்தான். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவி செய்தாலும் அப்படித்தான். கணக்கெடுக்க வருகிறவர் கேட்கிற விதத்தையும் வீட்டார் சொல்கிற விதத்தையும் பொறுத்து, மாலையில் அம்மா கடையில் உட்காருகிற இந்தத் தம்பியே அந்தப் புத்தகத்தில் வேலையில் இருப்பவராகப் பதிவாகலாம்.

அடுத்தது, அந்த 3 என்பது எல்லோரையும் சேர்த்த சராசரி. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியில் உள்ள மனித வளர்ச்சி நிறுவனமும் 2024இல் வெளியிட்ட அறிக்கையில் இளைஞர்களைத் தனியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். 2022இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடம் வேலையின்மை 3.4 சதவீதம். பட்டதாரி இளைஞர்களிடம் 29.1. படிக்காத பையனால் வேலையில்லாமல் இருக்க முடியாது, வீட்டில் அடுப்பு எரியாது. கிடைத்ததைச் செய்தாக வேண்டும். வேலையில்லாமல் காத்திருப்பதற்கே வீட்டில் ஒரு ஓய்வூதியமோ பெட்டிக்கடையோ தேவைப்படுகிறது.

அதனால் மனசு இல்லை என்று முடித்துவிடாதீர்கள். பி.இ. படிக்கவைக்க வீட்டில் செலவழித்த பணத்துக்கு 13,000 என்பது என்ன பதில் என்று அந்த வீடு கேட்கிறது. அந்தக் கேள்விதான் பையன் கழுத்தில் இருக்கிறது.

பனியன்_கம்பெனி

சரி சார், புள்ளிவிவரம் புரிந்தது. என் பக்கத்தையும் கேளுங்கள். முன்னால் 18,000 கொடுத்து ஒரு பி.காம். பையனை வைத்தேன். நல்ல பையன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் முழுக்கக் கற்றுக்கொடுத்தேன். தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது லீவ் கேட்டான். தர முடியாது என்றேன், போய்விட்டான். இனி டிஎன்பிஎஸ்சி எழுதுகிறேன் என்று சொல்லுகிறவனுக்கு நான் எதை நம்பிக் கற்றுக்கொடுப்பது? அதனால்தான் சம்பளம் ஏறமாட்டேன் என்கிறது. நிற்கிற ஆளுக்குத்தான் ஏற்ற முடியும்.

சின்னமனூர்_எம்எஸ்சி

இந்த இடத்தில் அண்ணா சொல்வது நியாயம். அந்தப் பையன் பக்கமும் நியாயம்தான். 19,500 அடிப்படை ஊதியத்தில் ஆரம்பித்து, படி எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்குப் பக்கத்தில் கையில் வருகிற வேலை ஒன்று கண்ணெதிரே இருக்கும்போது யார் லீவ் கேட்கமாட்டார்கள்?

என் கதையைச் சொல்கிறேன், தம்பியின் கேள்விக்குத் தலைகீழானது. எம்.எஸ்சி. கணக்கு, பி.எட். ஒரு தனியார் பள்ளியில் 9,000 சம்பளத்துக்கு இருந்தேன். வேலையை விட்டுவிட்டு குரூப் 4 படிக்கிறேன் என்று வீட்டில் சொன்னதே கல்யாணத்தைத் தள்ளிப்போடத்தான். "பாஸ் பண்ணிட்டா நல்ல இடமா அமையும்" என்று அம்மா அப்பாவைச் சமாதானப்படுத்தினார். இரண்டு வருடம் தந்தார்கள். தம்பிக்கு அந்தப் பெயர் சுமை. எனக்கு அது கதவுத் தாழ்ப்பாள். நான் நிறுத்தினால் அடுத்த வாரமே பெண் பார்க்க வருவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னோடு படித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆகி வீட்டில் இருக்கிறார்கள். எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள். அவர்களை யாரும் வேலையில்லாதவர் என்று சொல்வதில்லை. "வீட்டுல இருக்கா" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆம்பளை வீட்டில் இருந்தால் ஊரே விசாரிக்கிறது. பொம்பளை வீட்டில் இருந்தால் யாருமே விசாரிப்பதில்லை. எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

கரிசல்_வாத்தி

நான் கேட்கிறேன், ஏன் எல்லோரும் அரசு வேலைக்கே ஓடுகிறோம்? வெள்ளைக்காரன் கிளார்க் உருவாக்க ஏற்படுத்திய படிப்பு. அதை மாற்றாமல் எதுவும் மாறாது. ஐடிஐ படித்தவனுக்கு எப்போதும் வேலை உண்டு.

வைப்பாறு_மெக்

ஐயா, என் கூட ட்ரெயினியாக இருந்தவர்களில் பாதிப் பேர் ஐடிஐ முடித்தவர்கள். அவர்களையும் அதே நாளில்தான் அனுப்பினார்கள்.

கோப்புக்கட்டு

ஏன் ஓடுகிறார்கள் என்றால் பென்ஷனும் பாதுகாப்பும் என்று எல்லோரும் சொல்வோம். அது ஒரு பாதி. என்னிடம் வருகிற பிள்ளைகள் சொல்லுகிற காரணம் வேறு. குரூப் 4இல் நேர்முகத் தேர்வு கிடையாது. மூன்று மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ். ஆங்கிலம் பேச வேண்டாம், எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்கமாட்டார்கள், சிபாரிசுக்கு ஆள் தேட வேண்டாம். வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவனுக்கு அவன் படிப்பை அப்படியே மதிக்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது? கம்பெனி இன்டர்வியூவில் வாய் திறக்க முடியாமல் வெளியே வந்தவன் அந்த ஓஎம்ஆர் தாளின் முன்னால் யாருக்கும் குறைந்தவன் இல்லை. 2019 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் முறைகேடு வெளிவந்தபோது இந்தப் பிள்ளைகள் அப்படிக் கொதித்தது அதனால்தான். 99 பேரை வாழ்நாள் முழுக்க எழுதக்கூடாது என்று தடை செய்தார்கள்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். இந்தத் தேர்வு யாரையும் வெளியே அனுப்புவதில்லை. கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கு வயது வரம்பு உண்டு. ஆனால் இளநிலை உதவியாளர் மாதிரி பதவிகளுக்குப் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினர் ஆகியோரில் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. நல்ல எண்ணத்தில் வைத்த சலுகைதான். ஆனால் "உனக்கு வயது முடிந்தது, போ" என்று சொல்ல யாரும் இல்லை என்றால், நிறுத்துகிற முடிவை அவனவன்தான் எடுக்க வேண்டும். அப்படித் தானாக நிறுத்துவது ஊர் கண்ணுக்குத் தோல்வி மாதிரித் தெரியும். அதனால் யாரும் நிறுத்துவதில்லை.

நான் 2001இல் பட்டம் முடித்தவன். அந்த வருடம் தமிழக அரசு ஆள் எடுப்பதை நிறுத்தியது. போலீஸ், ஆசிரியர், டாக்டர் போன்ற சில பணிகளுக்கு மட்டும் விலக்கு. 2006 வரை அப்படியே இருந்தது. குனால் மங்கள் என்ற பொருளாதார ஆய்வாளர் இந்தக் காலத்தை எடுத்து ஆய்வு செய்திருக்கிறார். இடமே இல்லை என்றால் பையன்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. அந்தச் சமயம் பட்டம் வாங்கி வெளியே வந்த ஆண்களிடம் வேலையின்மை கூடியது, படித்துக்கொண்டே காத்திருந்தார்கள் என்கிறார். பின்னாளிலும் அவர்கள் வருமானம் அடி வாங்கியது என்கிறார். படித்தபோது எனக்கு என் அறை நண்பர்கள் முகம்தான் வந்தது. "அடுத்த வருஷம் எடுப்பாங்க" என்று சொல்லிச் சொல்லியே இருந்தோம். நான் உள்ளே வந்தேன். என்னைவிட நன்றாகப் படித்தவன் ஒருவன் வரவில்லை. அவனுக்கு முப்பது தாண்டியபோது கையில் வேறு எந்த அனுபவமும் இல்லை.

பனியன்_கம்பெனி

இது எனக்குத் தெரியாது. யோசிக்க வேண்டிய விஷயம்.

வைப்பாறு_மெக்

சார், 2024இல் நாலைந்து கேள்வியில் போனதால்தான் அடுத்ததில் வந்துவிடும் என்று நம்பினேன். அந்தக் கணக்கு தப்பா?

கோப்புக்கட்டு

அதுதான் எல்லோரையும் பிடித்து வைக்கிற இடம். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். 2024இல் 15 லட்சத்துக்கு மேல் எழுதினார்கள். கட் ஆஃப் பக்கத்தில் ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். நாலைந்து கேள்வி என்பது உங்களுக்கு ஒரு வாரப் படிப்பு மாதிரித் தெரியும். அந்த இடைவெளிக்குள் பல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் உங்களைப் போலவே அடுத்த முறை கூட்டி எடுப்பார்கள். அதனால் மதிப்பெண் ஏறியதா என்று பார்க்காதீர்கள். உங்கள் வகுப்பு ரேங்க்கை, உங்கள் பிரிவில் கடைசியாக அழைக்கப்பட்ட ரேங்க்கோடு வைத்துப் பாருங்கள். அந்த இடைவெளி தேர்வுக்குத் தேர்வு குறைகிறதா? இடங்களின் எண்ணிக்கை மாறுவதையும் சேர்த்துப் பாருங்கள். 2022இல் இடங்கள் கடைசியில் பத்தாயிரத்தைத் தாண்டின. 2025 அறிவிப்பில் நாலாயிரம்கூட இல்லை. இது உங்கள் கையில் இல்லாத விஷயம்.

டைப்ரைட்டிங் முடித்திருக்கிறீர்களா?

வைப்பாறு_மெக்

இல்லை சார். பி.இ. முடித்துவிட்டு டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போக வெட்கமாக இருந்தது. பத்தாவது பிள்ளைகள் நடுவில் உட்கார வேண்டும்.

கோப்புக்கட்டு

அந்த வெட்கத்துக்கு நிறையப் பேர் விலை கொடுத்திருக்கிறார்கள். தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவர்களுக்குப் போட்டி குறைவு, கட் ஆஃப் இறங்கும். நீங்கள் இருக்கிற மதிப்பெண்ணில் அது வித்தியாசத்தை உண்டாக்கலாம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு வைக்கிறது.

சின்னமனூர்_எம்எஸ்சி

சார், மன்னிக்கவும், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. தம்பி நிறுத்துவதைப் பற்றிக் கேட்டார். நீங்கள் இன்னொரு வாசலைத் திறந்துவிட்டீர்கள். லோயர், அப்புறம் ஹையர், இரண்டு மொழி, அதுவே ஒரு வருடத்துக்கு மேல் போகும். பிறகு அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். அப்போது அவருக்கு 31 ஆகிவிடும். உங்கள் நண்பரும் இப்படி ஒவ்வொரு வாசலாகப் பார்த்துத்தானே முப்பதைத் தாண்டினார்?

கோப்புக்கட்டு

நீங்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேலைக்குப் போய்க்கொண்டே காலையில் ஒரு மணி நேரம் டைப்பிங் என்று. அதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வேலை இல்லாமல் டைப்பிங் மட்டும் என்றால் நானும் வேண்டாம் என்பேன்.

மேலூர்_ராஜா

வேலைவாய்ப்பு அலுவலகத்திலேயே தன்னார்வ பயிலும் வட்டம் இருக்கிறது, இலவசப் பயிற்சி. அங்கே சேரலாமே?

வைப்பாறு_மெக்

அங்கேதான் அண்ணா படித்தேன்.

ஒரு விஷயம் இங்கே சொல்லாமல் விட்டேன். ராஜபாளையத்தில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் ஆள் கேட்டார்கள். எனக்கு அந்த வேலை பிடிக்கும். ஆனால் தெருவில் கையில் கிரீஸோடு நிற்பதை யாராவது பார்த்து அப்பாவிடம் சொல்வார்கள் என்று போகவில்லை. அதே வேலை கோயம்புத்தூரில் என்றால் தயங்காமல் போவேன். அங்கே என் அப்பா பெயர் யாருக்கும் தெரியாது.

கரிசல்_வாத்தி

தம்பி, முன்னால் நான் பொதுவாக எதையோ சொல்லிவிட்டேன். இதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. நான் ஓய்வு பெற்ற ஆசிரியன், எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். அப்பா பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். "படிக்கிறான்" என்று நாங்கள் நிமிர்ந்து சொல்வது பிள்ளையைக் காப்பாற்றத்தான். எதிரில் இருப்பவர் வாயை அடைக்க எங்களுக்கும் ஒரு சொல் வேண்டும். நீங்கள் வேறு ஒரு சொல்லைக் கொடுத்தால் அதை எடுத்துக்கொள்வோம். "நிறுத்திவிட்டேன்" என்று மட்டும் போய் நிற்காதீர்கள். "இந்தத் தேதியில் இங்கே சேர்கிறேன்" என்று போய் நில்லுங்கள்.

பனியன்_கம்பெனி

வாத்தியார் சொல்வது சரி. தம்பி, மெக்கானிக்கல் என்கிறீர்கள். நிட்டிங் மெஷின் மெயின்டனன்ஸுக்கு எனக்குத் தெரிந்த யூனிட்டில் ஆள் வேண்டும். 16,000 தருவார்கள், அதற்கு மேல் நான் பொய் சொல்லமாட்டேன். தேர்வு எழுத வேண்டுமானால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், மறைத்தால்தான் எங்களுக்குக் கோபம் வரும். தனிச் செய்தி அனுப்புங்கள்.

வைப்பாறு_மெக்

அனுப்பியிருக்கிறேன் அண்ணா.

நேற்று ராத்திரி அப்பாவிடம் பேசினேன். வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி, திருப்பூரில் கேட்டிருக்கிறேன் என்று ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "பரீட்சை எழுதுவியா, மாட்டியா?" என்று மட்டும் கேட்டார். வேலை பார்த்துக்கொண்டே எழுதிப் பார்க்கிறேன் என்றேன். அது பொய்யா உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. அம்மாவுக்குத்தான் வருத்தம், ஜாதகத்தோடு கொடுத்த பயோடேட்டாவில் "அரசுப் பணித் தேர்வுக்குத் தயாராகிறார்" என்று போட்டிருக்கிறார்கள். அதை மாற்ற வேண்டாம் என்கிறார். மாற்ற வேண்டும் என்று நான் சொல்கிறேன். இன்னும் முடிவாகவில்லை.

சின்னமனூர்_எம்எஸ்சி

மாற்றுங்கள் தம்பி. பெண் வீட்டில் இருந்து சொல்கிறேன், அந்த வரியைப் பார்த்ததும் எங்கள் வீட்டில் "வேலை இல்லை" என்றுதான் படிக்கிறார்கள். மெஷின் மெயின்டனன்ஸ், திருப்பூர் என்று போட்டால் குறைந்தபட்சம் விசாரிப்பார்கள்.

கோப்புக்கட்டு

எழுதுவதாக இருந்தால் தமிழ்ப் பகுதியை மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள், வேலையோடு அதைத்தான் தொடர முடியும். சேர்ந்த பிறகு இங்கே ஒரு வரி போடுங்கள். சின்னமனூர், உங்களுக்குத் தந்த இரண்டு வருடம் எப்போது முடிகிறது?

சின்னமனூர்_எம்எஸ்சி

வைகாசியில் சார். அதற்குத் தனி இழை போடுகிறேன்.